மூடி கசிவது வளையத்தாலா, காடியாலா, மரையாலா?

கேள்வி: “என் எஃகு தண்ணீர் பாட்டிலை எவ்வளவு இறுக்கி மூடினாலும் பைக்குள் கசிகிறது. மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி மாட்டிய பிறகுதான் இது தொடங்கியது. கிளிப் வைத்த டிபன் பாக்ஸிலும் இப்போது அதே தொல்லை. வளையத்தை மாற்ற வேண்டுமா, மரை தேய்ந்துவிட்டதா, எப்படித் தெரிந்துகொள்வது?”

கழுவி மாட்டிய உடனே கசிவு தொடங்கியிருந்தால், வளையம் பெரும்பாலும் கெட்டிருக்காது. அது உட்கார வேண்டிய விதத்தில் உட்காரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பிளாஸ்டிக் மூடிகளை வார்க்கும் கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் கசிவுச் சோதனைப் பிரிவில் இருந்தவன் நான். குறைபாடு என்று திரும்பி வந்த பாட்டில்களில் பலவற்றை வளையத்தைக் கழற்றி, மூடியில் அது உட்காரும் பள்ளமான காடியைத் துடைத்து, மீண்டும் மாட்டியதோடு சரி செய்து அனுப்பியிருக்கிறோம். பாட்டிலை நேரில் பார்க்காமல் இதுதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வளையம், மூடி, பாட்டிலின் வாய் ஆகிய மூன்றில் குற்றம் எதில் என்பதை நீங்களே வீட்டில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. அதைச் சொல்வதற்கு முன், மூடி எப்படித் தண்ணீரைத் தடுக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் சோதனையின் விடையைத் தவறாகப் படிக்க நேரிடும்.

மரை தண்ணீரைத் தடுப்பதில்லை. மூடியின் மரைக்கும் பாட்டிலின் மரைக்கும் இடையே எப்போதும் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி இல்லையென்றால் மூடியைத் திருகவே முடியாது. மரையின் வேலை, மூடியைக் கீழ்நோக்கி இழுத்து வளையத்தைப் பாட்டிலின் வாய் விளிம்பின் மேல் சமமாக அழுத்திப் பிடிப்பது மட்டுமே. தண்ணீரைத் தடுப்பது அந்த வளையம். அதற்கும் இரண்டு இடங்களில் தடுக்கும் வேலை இருக்கிறது. ஒன்று, விளிம்பின் மேல் படியும் முன்பக்கம். மற்றொன்று, காடிக்குள் மறைந்திருக்கும் பின்பக்கம். முன்பக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பின்பக்கத்தில் வழி கிடைத்தால் தண்ணீர் வளையத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்துவிடும். இந்தப் பின்பக்கத்தைத்தான் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. மரையில் டெஃப்ளான் நாடா சுற்றினால் கசிவு நிற்கும் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். தண்ணீரைத் தடுக்கும் இடம் அதுவல்ல. தவிர, நாடாவின் துணுக்குகள் குடிக்கும் தண்ணீரில் சேரும்.

இனி காடிக்கு வருவோம். வளையத்தை எடுக்க ஊசியையோ கத்தி முனையையோ பயன்படுத்தாதீர்கள். சிலிக்கோனில் விழும் சிறு கீறல்கூட நாளடைவில் நீண்டு கிழியும். பல் குத்தும் மரக் குச்சியின் மழுங்கிய பக்கத்தாலோ கரண்டிக் காம்பின் முனையாலோ ஓரிடத்தில் நெம்பி, பிறகு விரலால் மெல்ல வெளியே எடுங்கள். இழுத்து நீட்ட வேண்டாம். எடுப்பதற்கு முன் அது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. காடியின் அடித்தளத்தில் வழுவழுப்பான படலமோ, சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டோ, காய்ந்த உணவுத் துகளோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சோப்பு நீரில் நனைத்த பழைய பல்துலக்கி அங்கே எட்டும். வெள்ளைப் படிவு சோப்புக்கு மசியாவிட்டால், நீர் கலந்த வினிகரில் சிறிது நேரம் ஊற வைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

இந்தப் படிவு செய்யும் வேலை நாம் எதிர்பார்ப்பதற்கு மாறானது. வளையத்துக்கு அடியில் ஒரு துகள் இருந்தால், அந்தத் துகள் இருக்கும் இடத்தில் வளையம் மேலே தூக்கப்பட்டு, விளிம்பின் மேல் இன்னும் பலமாகத்தான் அழுந்தும். கசிவு அங்கே வராது. துகளுக்கு இருபுறமும் வளையம் ஒரு பாலம் போல எழும்பி நிற்கும். அங்கேதான் காடிக்கும் வளையத்துக்கும் நடுவே வழி திறக்கும். ஆகவே சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் தேடிவிட்டு, ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதற்கு இரு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்குப் பார்க்க வேண்டும்.

கழுவிய காடியும் வளையமும் நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். உள்ளே தங்கிய கழுவிய நீர், பாட்டிலைக் கவிழ்த்ததும் இரண்டு மூன்று சொட்டாக வெளியேறும். அதைக் கசிவு என்று எண்ணி ஏமாறுவது மிகச் சாதாரணம். மாட்டும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஓரிடத்தில் தொடங்கி விரலை வட்டமாக ஓட்டிக்கொண்டே போனால், வளையம் சிறிது சிறிதாக நீண்டு, கடைசியில் மிச்சமான நீளம் ஒரு புடைப்பாக எழும்பி நிற்கும். அந்தப் புடைப்பை அமுக்கிவிடலாம், ஆனால் அது மூடும்போது மறுபடி எழும்பும். அதற்குப் பதிலாக, முதலில் மேலும் கீழும், பிறகு இடமும் வலமும் என எதிரெதிராக நான்கு இடங்களில் அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அவற்றின் இடைப்பகுதிகளை அமுக்குங்கள். இப்போது மிச்ச நீளம் வளையம் முழுவதும் சமமாகப் பங்கிடப்பட்டுவிடும். இப்படிச் செய்தும் ஒரு புடைப்பு நிற்கிறது என்றால், வளையம் உண்மையாகவே நீண்டுவிட்டது அல்லது ஊதிவிட்டது. அதை மாற்ற வேண்டியதுதான்.

வளையத்தின் வெட்டுமுகத்தையும் ஒரு முறை கவனியுங்கள். முழுவதும் உருண்டையாக இருந்தால் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றே. ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெல்லிய இதழாகவும் இருந்தால் திசை முக்கியம். அப்படிப்பட்டவற்றில் பெரும்பாலும் தடித்த பாகம் காடிக்குள் இருக்கும். மெல்லிய இதழ் திரவம் இருக்கும் பக்கத்தை நோக்கி நிற்கும். உள்ளிருந்து வரும் அழுத்தம் அந்த இதழை விரித்து விளிம்போடு ஒட்ட வைக்க வேண்டும் என்பதே அந்த வடிவத்தின் நோக்கம். தலைகீழாக மாட்டினால் அதே அழுத்தம் இதழை விளிம்பிலிருந்து விலக்கிவிடும். கழுவிய அன்றே கசிவு தொடங்கியது என்று நீங்கள் சொல்வதால், இதை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பேன்.

மரையில் தேய்மானத்தைவிட அதிகம் காணப்படுவது, மூடி சாய்வாகப் பற்றிக்கொள்வது. மூடியின் மரை சரியான வாயிலில் நுழையாமல் ஒரு படி மாறி ஏறிவிட்டால், திருகத் திருக இறுகுவது போலவே கைக்குத் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் அழுந்தி, எதிர்ப்பக்கம் தூக்கி நிற்கும். கண் மட்டத்தில் பாட்டிலைப் பிடித்து, மூடியின் கீழ் ஓரத்துக்கும் பாட்டிலின் தோளுக்கும் இடையிலான இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். இதைத் தவிர்க்க, மூடியை மேலே வைத்து லேசாக அழுத்தியபடி முதலில் திறக்கும் திசையில், அதாவது இடஞ்சுழியாகத் திருப்புங்கள். ஓரிடத்தில் மூடி ‘டக்’ என்று சிறிது கீழே இறங்கும். மரைகள் நேருக்கு நேர் வந்துவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அங்கிருந்து வலஞ்சுழியாகத் திருகினால் மூடி எதிர்ப்பின்றி ஓட வேண்டும். தொடக்கத்திலேயே கடினமாக இருந்தால் கழற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள், பலத்தைக் காட்டாதீர்கள். இறுக்குவதிலும் அப்படித்தான். வளையம் விளிம்பைத் தொட்டு எதிர்ப்பு தெரிந்த பிறகு இன்னும் சிறிதளவு திருகினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் வளையம் காடியை விட்டு உள்பக்கமாகப் பிதுங்கும். நாட்பட்டால் மூடியின் பக்கச் சுவரே விரிந்துவிடும். “எவ்வளவு இறுக்கினாலும்” என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அந்த இறுக்கமே இப்போது கசிவின் ஒரு பாகமாக இருக்கலாம்.

இனி சோதனை. முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மூடியில் உறிஞ்சுகுழாயோ தூக்கித் திறக்கும் குடிவாயோ இருந்தால், கசிவு அதன் வழியாகவோ அதன் அருகே உள்ள காற்றுத் துளையின் வழியாகவோ வரலாம். அப்போது பெரிய வளையத்துக்கும் மரைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. அதேபோல ஒற்றைச் சுவர் கொண்ட பாட்டிலில் குளிர்ந்த நீர் வைத்தால் வெளிப்பக்கம் வியர்க்கும். அதுவும் பையை நனைக்கும். ஆகவே சோதனைக்கு அறை வெப்பத்தில் உள்ள நீரையே எடுங்கள். பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, மூடி, வெளிப்பக்கத்தை முழுவதும் உலரத் துடைத்து, உலர்ந்த டிஷ்யூ காகிதத்தின் மேல் தலைகீழாகப் பிடித்து 5 நிமிடம் பாருங்கள். முதல் சொட்டு எங்கே திரள்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. சிறிது நேரம் போனால் நீர் ஓரத்தைச் சுற்றி ஓடிவிடும். அப்புறம் இடம் தெரியாது.

அந்த இடத்தைக் குறிக்க, மூடி இறுகிய நிலையில் மூடியின் மேலிருந்து பாட்டிலின் தோள் வரை மார்க்கரால் ஒரு நேர்கோடு இழுங்கள். வளையத்திலும் அதே கோட்டுக்கு நேராக ஒரு புள்ளி வையுங்கள். இப்போது மூன்று பாகங்களுக்கும் ஒரு பொதுத் தொடக்கம் கிடைத்துவிட்டது. கசியும் இடத்தைக் கடிகார முகத்தில் மணி சொல்வது போலச் சொல்லலாம். கோடு இருக்கும் இடம் 12. கவிழ்த்துப் பார்க்கும்போது இடமும் வலமும் குழம்பும் என்பதால், சொட்டு கண்ட இடத்தில் மூடியின் ஓரத்திலேயே ஒரு குறி வைத்துவிட்டு, நிமிர்த்திய பிறகு மணியைப் படியுங்கள். பிறகு வளையத்தை மட்டும் காடிக்குள் கால் சுற்று நகர்த்தி மீண்டும் சோதியுங்கள். கசிவும் கால் சுற்று நகர்ந்தால் குற்றம் வளையத்தில். நகராமல் பழைய இடத்திலேயே இருந்தால் மூடியிலோ பாட்டிலின் விளிம்பிலோ.

மூடியா விளிம்பா என்று பிரிப்பது சற்றுத் தந்திரமானது. ஏனென்றால் ஒற்றை மரை கொண்ட மூடி எப்போதும் ஏறக்குறைய ஒரே நிலையில்தான் வந்து நிற்கும். ஆனால் அகன்ற வாய்ப் பாட்டில்கள் பலவற்றில் மரை இரண்டு, மூன்று இடங்களில் தொடங்குகிறது. வாயை மேலிருந்து பார்த்தால் மரைகள் தொடங்கும் முனைகளை எண்ணிவிடலாம். இரண்டு முனைகள் இருந்தால் மூடியை அரைச் சுற்று மாற்றி மூட முடியும். கசிவு மூடியோடு சேர்ந்து நகர்ந்தால் காடியைப் பாருங்கள். பாட்டிலோடு தங்கினால் விளிம்பைப் பாருங்கள்.

நான் கையாண்ட ஒரு பாட்டிலைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போலவே எஃகு உடல், பிளாஸ்டிக் மூடி, இரட்டை மரை. முதல் சோதனையில் சொட்டு 4 மணி இடத்தில் திரண்டது. வளையத்தைக் கால் சுற்று வலஞ்சுழியாக நகர்த்தினேன். வளையத்தில் குற்றம் என்றால் கசிவு 7 மணிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை, 4 மணியிலேயே நின்றது. அடுத்து மூடியை மறு மரையில் தொடங்கி அரைச் சுற்று மாற்றி மூடினேன். இப்போது பாட்டிலின் கோட்டிலிருந்து எண்ணினால் கசிவு 10 மணியில் இருந்தது. மூடியின் கோட்டிலிருந்து எண்ணினால் அதே 4 மணி. ஆக, குற்றம் மூடியில். காடியில் 4 மணி இடத்தைத் துடைத்துப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. சற்றுத் தள்ளி 5 மணிக்கு அருகில், காடியின் உள்மூலையில், கடுகில் பாதியளவு வெண்மையான கெட்டிப் படிவு ஒட்டியிருந்தது. அதன் பக்கவாட்டில் எழும்பிய வளையப் பாலம்தான் 4 மணியில் வழி விட்டிருந்தது. படிவை ஊற வைத்துச் சுரண்டி எடுத்த பிறகு, பழைய வளையத்தோடே அந்தப் பாட்டில் ஓர் இரவு முழுவதும் தலைகீழாக உலர்ந்து நின்றது. சோதனை செய்யாமல் புது வளையம் வாங்கியிருந்தால், அதுவும் அதே இடத்தில் கசிந்திருக்கும்.

கசிவு பாட்டிலோடு தங்கியிருந்தால் விளிம்பில் விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கீழே விழுந்த எஃகு பாட்டிலில் ஒரு சிறு நெளிவு இருக்கக்கூடும். பாட்டிலை வெறுமையாக்கி, தட்டையான கண்ணாடியின் மேல் கவிழ்த்து வைத்து, பின்னால் விளக்கு பிடித்தால் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் இடம் நெளிவு. மிக மெல்லிய நெளிவை மென்மையான வளையம் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுக்கு இருந்தால் தட்டிச் சமப்படுத்த முயல்வதை நான் பரிந்துரைப்பதில்லை. ஓரிடம் சமமாகும்போது பக்கத்து இடம் எழும்பிவிடும்.

டிபன் பாக்ஸில் மரை இல்லை. அழுத்தத்தைக் கிளிப்புகள் தருகின்றன. அதனால் சோதனை இன்னும் எளிது. நீளமான காகிதத் துண்டு ஒன்றைப் பெட்டியின் விளிம்பின் மேல் பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்படி வைத்து, மூடிக் கிளிப்பைப் போட்டு, துண்டை மெல்ல இழுங்கள். எதிர்ப்பு உணர வேண்டும். இப்படிச் சுற்றிலும் எட்டு இடங்களில் செய்துபாருங்கள். காகிதம் எளிதாக நழுவும் இடத்தில் அழுத்தம் போதவில்லை. அந்த இடம் ஒரு கிளிப்புக்கு நேராக இருந்தால் கிளிப்பின் கீல் தளர்ந்துவிட்டது. இரண்டு கிளிப்புகளுக்கு நடுவில், அதிலும் நீள்சதுரப் பெட்டியின் நீண்ட பக்கத்தின் மையத்தில் இருந்தால், மூடி வளைந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சூடான பெட்டியை மூடியோடு அடுக்கி வைப்பதும், மூடியை மிகுந்த சூட்டில் கழுவுவதும் இந்த வளைவைத் தரும். வளைந்த மூடியை வளையம் மாற்றிச் சரி செய்ய இயலாது. மூலையில் நழுவினால் முதலில் காடியின் மூலைகளைத் துடையுங்கள். உணவுத் துகள் தங்குவதற்கு அவற்றைவிடத் தோதான இடம் இல்லை.

தண்ணீர் ஊற்றிச் சோதித்தபோது கசியாத பெட்டி, எண்ணெய் கலந்த உணவை வைத்தால் கசிகிறது என்று சிலர் குழம்புவார்கள். அதில் மர்மம் இல்லை. சிலிக்கோனின் மேல் தண்ணீர் முத்தாகத் திரண்டு நிற்கும். எண்ணெயோ பரவி மெல்லிய இடுக்கிலும் ஊர்ந்துபோகும். சோப்பு கலந்த நீரும் அப்படியே. ஆகவே சோப்பு மீதமில்லாமல் அலசிய பிறகு சோதிப்பதும், பெட்டிக்குத் தண்ணீர்ச் சோதனையோடு நின்றுவிடாமல் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றிச் சாய்த்துப் பார்ப்பதும் நல்லது.

வெப்பத்துக்கும் தனிக் கணக்கு. சுடுநீரை ஊற்றி உடனே மூடினால், உள்ளே அடைபட்ட காற்று சூடேறி விரிவதோடு நீராவியும் சேர்ந்துகொள்ளும். 80 டிகிரி செல்சியஸில் நீராவியின் அழுத்தம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பாதியாகும். குளிர்ந்த நீரைத் தாங்கிய அதே வளையம் இந்தக் கூடுதல் அழுத்தத்தில் வழிவிடலாம். அது வளையத்தின் குறை ஆகாது. உங்கள் பாட்டில் சூடாக இருக்கும்போது மட்டும் கசிந்தால், மூடும் முன் சில நிமிடம் ஆவி போகவிடுங்கள். சுடுநீரை வைத்து மூடிக் குலுக்கிச் சோதிக்க வேண்டாம். மூடி கழன்றால் கை வெந்துவிடும்.

எல்லாச் சோதனையும் வளையத்தையே காட்டினால், அதன் முகத்தைப் பாருங்கள். விளிம்பு அழுந்திய தடம் சுற்றிலும் ஒரே அகலத்தில் அறுபடாமல் ஓட வேண்டும். தடம் ஆழமான பள்ளமாகி, ஒரு நாள் வெளியே வைத்தும் எழும்பவில்லை என்றால், வளையம் நிரந்தரமாக அமுங்கிவிட்டது. வெந்நீரில் போட்டால் பழைய நிலைக்கு வரும் என்பார்கள். எனக்குச் சில வளையங்களில் அது சில நாள் பலன் தந்தது, பலவற்றில் தரவில்லை. உருண்டை வளையமோ இருபுறமும் ஒத்த தட்டை வளையமோ ஆனால் புரட்டிப் போட்டு, புதியது கிடைக்கும் வரை ஓட்டலாம். புதியதை வாங்கும்போது பழைய வளையத்தை அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது நீண்டிருக்கும். காடியின் உள்விட்டத்தையும் அகலத்தையும் ஆழத்தையும் அளந்து செல்லுங்கள். அதே மாடலுக்கென்று விற்கும் வளையம் கிடைத்தால் இன்னும் நல்லது. தடிமன் அரை மில்லிமீட்டர் குறைந்தாலே வளையம் விளிம்பைத் தொடுவதற்கு முன் மூடி அடித்தட்டி நின்றுவிடலாம். கூடினால் மரை போதிய சுற்று பற்றுவதற்கு முன்பே இறுகிவிடும். இரண்டிலும் நீங்கள் இப்போது பார்க்கும் அதே கசிவுதான் வரும்.